இறந்தவர் கணக்கில் போன 16,284 ரூபாய்: சீல் வாங்காமல் கடிதம் கொடுக்காதீர்கள்

திருப்பித் தர முடியாது என்று நேற்றுதான் கை விரித்தார்கள். 16,284 ரூபாய். சென்னையில் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு வங்கிக் கிளை, பெயர் வேண்டாம். சித்தப்பாவுக்கு 53 வயது. ஏப்ரல் 28-ல் மாரடைப்பில் போனார். மே 4-ல் இறப்புச் சான்றிதழ் நகலோடு சித்தி கடிதம் கொடுத்தார். கவுன்டரில் இருந்தவர் அவ்வளவு பரிவாகப் பேசினார். "நீங்க போங்கம்மா, சிஸ்டத்துல போட்டுடறேன், இனிமே ஒரு பைசா போகாது." அந்தப் பேச்சில் மயங்கி, நகலில் சீலும் தேதியும் வாங்காமல் வந்துவிட்டோம். ஜூன் 16-ல் கிளெய்ம் படிவம் கொடுத்த பிறகுதான் கணக்கை நிறுத்தியிருக்கிறார்கள்.

ஸ்டேட்மென்ட்டைப் படிக்கும்போது எல்லோரும் செய்யும் தப்பு, இறந்த தேதிக்குக் கீழே உள்ள எல்லாப் பற்றையும் திருப்பிக் கேட்பது. கோடு இரண்டு போட வேண்டும். ஒன்று இறந்த தேதி, இன்னொன்று வங்கிக்குத் தகவல் போன தேதி. வாடிக்கையாளர் இறந்தால் அவர் பணத்தைக் கொடுக்க வங்கிக்கு இருந்த அதிகாரம் போய்விடும். ஆனால் அது வங்கிக்குத் தெரிந்த பிறகுதான் வங்கியைக் கட்டுப்படுத்தும். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 201-ம் 208-ம் சேர்ந்து சொல்வது இதுதான்.

இந்தக் கணக்கையே பாருங்கள். ஏப்ரல் 25 தேதியிட்ட வாடகைச் செக் 18,000 ரூபாய், மே 2-ல் பாஸ் ஆனது. இறப்புக்குப் பிறகுதான், ஆனாலும் செல்லும். வங்கிக்கு அன்று தெரியாது. ஏப்ரல் 28 காலை ஆஸ்பத்திரியில் கார்டு தேய்த்ததும் செல்லும், உயிரோடு இருந்தபோது நடந்தது. சான்றிதழில் தேதி மட்டும்தான் இருக்கும் என்பதால், அதே நாள் பற்று ஏதாவது சந்தேகமாக இருந்தால் ஆஸ்பத்திரித் தாளில் உள்ள நேரத்தை வைத்துப் பாருங்கள். ஏப்ரல் 29-ல் ஏடிஎம்மில் எடுத்த 10,000 காரியச் செலவுக்கு வீட்டிலேயே எடுத்தது. அவர் போன பிறகு அந்தக் கார்டைத் தொட்டதே தவறு. இதைப் பட்டியலில் சேர்த்தால் உங்கள் புகாரே கெட்டுவிடும். வாரிசுகளுக்குள் கணக்குச் சொல்ல வேண்டியது அது.

மே 4-க்குப் பிறகு வந்தவைதான் வங்கி பதில் சொல்ல வேண்டியவை. மே 12-ல் `ACH` என்று தொடங்கும் வரியில் மருத்துவக் காப்பீட்டுப் புதுப்பிப்பு 14,850. இறந்தவருக்கு மருத்துவக் காப்பீடு! மே 10, ஜூன் 10 யுபிஐ ஆட்டோபே சந்தா, தலா 499. மே கடைசியில் பிரதமர் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டு பிரீமியம் 436. ஆக 16,284.

வண்டிக் கடன் தவணையும் இதே காலத்தில் இரண்டு முறை 3,420 வீதம் போயிருக்கிறது. அதைக் கேட்கவில்லை. தகவல் போன பிறகு எடுத்தது முறையல்ல, ஆனால் கடன் நிஜம். திருப்பினால் தவணை பாக்கியாகி, அபராதத்தோடு ஜாமீன் போட்ட சித்தி தலையில் விழும்.

அந்த 436 வரியைப் பார்த்ததும் போன வருட ஸ்டேட்மென்ட்டையும் எடுத்துப் பார்த்தோம். அங்கேயும் ஒரு 436. அந்தக் காப்பீட்டு வருடம் ஜூன் 1 முதல் மே 31 வரை. ஏப்ரல் 28 அதற்குள் வருகிறது, அதனால் 2 லட்சம் கேட்கலாம். கிளையில் யாரும் இதைச் சொல்லவில்லை. திருப்பிக் கேட்க வேண்டியது இந்த வருட 436-ஐ மட்டும்தான்.

இனி அவர்கள் பதில்களைக் கேளுங்கள். முதலில் "அப்படி ஒரு கடிதமே வரலையே". பிறகு "இன்சூரன்ஸ்காரங்களைக் கேளுங்க". பிறகு "ஹெட் ஆபீஸுக்கு மெயில் போட்டிருக்கோம்". நாமினிக்கு மீதியைக் கொடுத்துக் கணக்கை மூடியதும், "அக்கவுன்ட்டே இல்லையே, எதுல ரிவர்ஸ் பண்றது?" சித்தி கையெழுத்துப் போட்ட ரசீதில் 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்று இருக்கிறதாம். அதைக் காட்டியே 16,284 ரூபாயை முடித்துவிட்டார்கள்.

விவரமாக எழுத நினைத்தேன், கோபத்தில் முடியவில்லை. கடிதத்தின் நகலில் சீல், தேதி, கையெழுத்து வாங்குங்கள். அன்றே கிளைக்கு ஈமெயிலும் போடுங்கள். கிளெய்மில் கையெழுத்துப் போடும் முன் அன்றுவரை ஸ்டேட்மென்ட் கேளுங்கள். தகராறு உள்ள தொகையை ரசீதிலேயே எழுதி, 'இது நீங்கலாக' என்று போடுங்கள். எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் `cms.rbi.org.in`-ல் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனுக்குப் போகலாம். எங்கள் 30 நாள் நேற்றிலிருந்து ஓடுகிறது.