ஆள்வாரியா, வேலைவாரியா? சிறிய சமையலறைக்கு எஸ்.ஓ.பி. எழுதும் வழிகள்

ஐந்தாறு பேர் வேலை செய்யும் மெஸ் அல்லது சிறிய ஹோட்டல் சமையலறைக்கு எஸ்.ஓ.பி., அதாவது வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்ற நிலையான செயல்முறைக் குறிப்பு, எழுத உட்கார்ந்தால் மூன்று வழிகள் உண்டு. பொதுவான விதிகளை ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டலாம். ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் அட்டை எழுதலாம். அல்லது ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாள் வைத்து, படிப்படியாக எண் போட்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு பொறுப்பாளியைக் குறிக்கலாம்.

முதல் வழியை இங்கேயே விட்டுவிடலாம். "சமைத்த உணவை விரைவில் குளிர வைக்கவும்" என்ற வரியில் எவ்வளவு விரைவில், யார், எதில் ஊற்றி என்ற எதுவுமே இல்லை. மற்ற இரண்டையும் ஒரே வேலையை வைத்து ஒப்பிட்டுப் பார்ப்போம். மறுநாள் மதியத்துக்காக இன்று பிற்பகல் செய்யும் பத்து லிட்டர் சிக்கன் கிரேவியை ஆற வைப்பதுதான் அந்த வேலை.

இந்த வேலையை எடுக்கக் காரணம் இருக்கிறது. கொதிக்க வைத்தால் எல்லாக் கிருமியும் செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியாவின் விதைத்துகள் கொதியையும் தாங்கிப் பிழைக்கும். கிரேவி மெல்ல ஆறும்போது, 45 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் அது படுவேகமாகப் பெருகும். அதனால் அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதிகள், சமைத்த உணவு 57 டிகிரியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கும், மொத்தம் ஆறு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் இறங்க வேண்டும் என்கின்றன. நம் ஊர்ச் சமையலறையின் காற்றே 35 டிகிரியில் இருக்கும். அங்கே ஓர் அண்டா கிரேவி எத்தனை மணி நேரம் இருந்தாலும் தானாக 21-க்கு வராது.

சரி, இதை ஆள்வாரி அட்டையில் எழுதினால் எப்படி இருக்கும்? காலை மாஸ்டரின் அட்டையில் "கிரேவியை ஆற வைக்கவும்", மாலை மாஸ்டரின் அட்டையில் "கிரேவியை ஃப்ரிட்ஜில் வைக்கவும்", உதவியாளரின் அட்டையில் "ஐஸ் தயார் செய்யவும்". தனித்தனியாகப் படித்தால் மூன்றும் சரிதான். ஆனால் 3 மணிக்கு அடுப்பிலிருந்து இறங்கிய கிரேவி 4 மணிக்கு ஷிஃப்ட் மாறும்போது பாதி ஆறிய நிலையில் மேடையில் இருக்கும். காலை மாஸ்டர் ஆற வைத்துவிட்டார், அவர் வேலை முடிந்தது. மாலை மாஸ்டர் ஆறட்டும் என்று காத்திருக்கிறார். 21-க்கு வந்ததா என்று அளக்க வேண்டியது யார்? மூன்று அட்டைகளிலும் அந்த வரி இல்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும் இடம்தான் சமையலறையில் அதிகம் கோட்டைவிடும் இடம். ஆள்வாரி அட்டை சரியாக அந்த இடத்தில் மௌனமாகிவிடுகிறது.

அதே வேலையை வேலைவாரித் தாளில் இப்படி எழுதலாம்:

1. காலை மாஸ்டர்: அடுப்பை அணைத்ததும் கிரேவியை ஸ்டீல் ட்ரேக்களில் ஊற்றவும். ஆழம் இரண்டு அங்குலத்தைத் தாண்டக்கூடாது.
2. காலை மாஸ்டர்: தெர்மாமீட்டர் 60 காட்டும் நேரத்தைப் பதிவேட்டில் எழுதவும்.
3. உதவியாளர்: ட்ரேக்களை ஐஸ் தண்ணீரில் வைக்கவும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளறி, கரையக் கரைய ஐஸ் சேர்க்கவும்.
4. காலை மாஸ்டர்: கிளம்பும் முன் மாலை மாஸ்டரிடம் பதிவேட்டைக் கொடுக்கவும். வாங்கியவர் கையெழுத்திட வேண்டும். அதற்குப் பின் கிரேவி அவர் பொறுப்பு.
5. மாலை மாஸ்டர்: படி 2-இல் எழுதிய நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்தில், ட்ரேயின் நடுவில் அளந்து எழுதவும். 21 அல்லது குறைவு என்றால் படி 6. அதற்கு மேல் என்றால் உடனே 75 டிகிரி வரை சூடாக்கி, படி 1-இலிருந்து ஒரே ஒரு முறை மறுபடி செய்யவும். அப்போதும் இறங்காவிட்டால் கொட்டவும்.
6. உதவியாளர்: தேதி, நேரம் எழுதிய சீட்டு ஒட்டி, ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் வைக்கவும்.
7. மாலை மாஸ்டர்: அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கு வந்ததா என்று அளந்து எழுதி, மூடி போடவும்.

ஒவ்வொரு படியின் தொடக்கத்திலும் ஒரே ஒரு பொறுப்பாளிதான் இருக்கிறார். "மாஸ்டரும் உதவியாளரும்" என்று எழுதினால் அந்தப் படியை யாருமே செய்ய மாட்டார்கள். கைமாற்றத்துக்கே ஒரு தனிப் படி இருக்கிறது. ஒன்றரை மணி நேரத்திலேயே அளக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு: மறுபடி சூடாக்கித் திருத்திக்கொள்ள இன்னும் அவகாசம் இருக்கும்.

படி 5-இன் கடைசி வரிதான் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. பத்து லிட்டர் சிக்கன் கிரேவியைக் கொட்ட எந்த ஊழியருக்கும் கை வராது. முதலாளி என்ன சொல்வாரோ என்ற பயத்தில் ஃப்ரிட்ஜில் தள்ளிவிட்டு, 21 என்று எழுதிவிடுவார்கள். அதனால் கொட்டும் அதிகாரம் மாலை மாஸ்டருக்கு உண்டு, முதலாளியிடம் அப்புறம் சொன்னால் போதும் என்பதைத் தாளிலேயே எழுதி, முதலாளி கையெழுத்துப் போட வேண்டும். அதிகாரம் கொடுக்காமல் பொறுப்பை மட்டும் கொடுத்தால் பதிவேட்டில் பொய்க் கணக்குதான் வரும். அதைக் கண்டுபிடிப்பதும் எளிது. தினமும் ஒரே எண், ஒரே பேனா, அளக்க வேண்டிய நேரத்துக்கு ஒரு நிமிடம் கூட முன்பின் இல்லாத நேரக் குறிப்பு என்று இருந்தால் யாரும் அளக்கவில்லை என்று அர்த்தம்.

பொறுப்பாளியை ஆளின் பெயரால் குறிப்பதா, பதவியால் குறிப்பதா என்பது அடுத்த கேள்வி. பெயர் எழுதினால் இது என் வேலை என்ற உறைப்பு இருக்கும். ஆனால் ஹோட்டல் வேலையில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள், அவர் ஊருக்குப் போன அன்றே தாள் செத்துவிடும். வெறும் பதவி மட்டும் எழுதினால், மாஸ்டர் லீவு போட்ட நாளில் யார் மாஸ்டர் என்று தெரியாது. தாளில் பதவி, பக்கத்தில் ஒரு சிலேட்டில் இன்றைய காலை மாஸ்டர் யார், மாலை மாஸ்டர் யார், உதவியாளர் யார் என்ற பெயர்கள் என்று வைப்பதுதான் நிற்கும் ஏற்பாடு. சிலேட்டை எழுதுவது யார் வேலை என்பதும் தீர்மானமாக இருக்க வேண்டும். கல்லாவில் உட்காருபவர் கடை திறந்ததும் எழுதலாம். வடமாநிலத் தொழிலாளர்கள் இருக்கும் சமையலறையில் பதவிக்கு ஒரு நிறம் வைத்து, படிக்குப் பக்கத்தில் அதே நிறத்தில் பொட்டு வைத்தால் தமிழ் படிக்கத் தெரியாதவருக்கும் தன் படி எது என்று தெரியும். அதைச் செய்யும் விதத்தை உடன் நின்று ஒருமுறை காட்டிவிட வேண்டும்.

ஆள்வாரி அட்டையை ஒரேயடியாக ஒதுக்கவும் வேண்டாம். ஒருவரே தொடங்கி ஒருவரே முடிக்கும் வேலைகளுக்கு அதுதான் வசதி. இரவில் கடைசியாகக் கிளம்புபவர் கேஸ் வால்வை மூடுவது, ஃப்ரிட்ஜ் வெப்பநிலையைக் குறிப்பது, குப்பையை வெளியே எடுப்பது எல்லாம் ஓர் அட்டையில் அடங்கும். அதேபோல, காலையில் தெர்மாமீட்டரை ஐஸ் தண்ணீரில் வைத்து 0 காட்டுகிறதா என்று பார்ப்பதும் ஒருவர் அட்டையில் இருக்கட்டும். அது தப்பாகக் காட்டினால் மேலே எழுதிய ஏழு படிகளும் வீண்.

கிரேவி ஆற வைத்தல், சோறு மீந்தால் என்ன செய்வது, கறி வந்து இறங்கும்போது வாங்குவது போன்ற இரண்டு கை மாறும் வேலைகளுக்கு வேலைவாரித் தாள். எழுதி முடித்ததும், சேர்ந்து சில நாளே ஆன உதவியாளரிடம் தாளைக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள், எழுதியவர் வாய் திறக்காமல் பக்கத்தில் நிற்கட்டும். உதவியாளர் எந்த இடத்தில் தயங்கி நிமிர்ந்து பார்க்கிறாரோ, அந்தப் படியைத் திருத்தி எழுத வேண்டும்.