எல்.எஃப்.எஸ்.ஆர். சுழற்சி நீளம்: ஓட்டிப் பார்ப்பதா, கணக்கிட்டுப் பார்ப்பதா?

எல்.எஃப்.எஸ்.ஆர். எனப்படும் நேரியல் பின்னூட்ட ஷிஃப்ட் ரெஜிஸ்டர் உருவாக்கும் போலிச் சீரற்ற வரிசை எத்தனை அடிகளுக்குப் பிறகு திரும்ப வரும் என்பதை அறிய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தொடக்க நிலை மறுபடி வரும்வரை ரெஜிஸ்டரை ஓட்டி எண்ணுவது. மற்றொன்று, பின்னூட்டத்துக்குப் பிட் எடுக்கப்படும் டேப் இடங்களைப் பல்லுறுப்புக்கோவையாக எழுதி, அதன் வகுமீதியில் x-இன் எந்த அடுக்கு முதன்முதலில் 1 ஆகிறது என்று கணக்கிடுவது. நான் இப்போது பெரும்பாலும் இரண்டாவது வழியையே நாடுகிறேன்.

ஓட்டிப் பார்ப்பதன் எளிமையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாலைந்து வரி நிரல் போதும், 16 பிட் வரை விடை கண் இமைக்கும் நேரத்தில் வந்துவிடும்.

ஆனால் நீளம் கூடும்போது நிலைமை மாறுகிறது. n பிட் ரெஜிஸ்டரின் மிகப்பெரிய சுழற்சி 2^n − 1. விநாடிக்கு நூறு கோடி அடிகள் ஓட்டினால் 32 பிட்டுக்கு நான்கைந்து விநாடிகள் ஆகும். அதே வேகத்தில் 64 பிட்டுக்கு ஏறத்தாழ 584 ஆண்டுகள் ஆகும். கணக்கிடும் வழியிலோ ஒவ்வோர் அடுக்குக்கும் சுமார் 64 முறை வர்க்கப்படுத்தினால் போதும். டேப்பை மாற்றி மாற்றிச் சோதிக்க வேண்டியவருக்கு இந்த ஒரு வேறுபாடே முடிவைத் தீர்மானித்துவிடுகிறது என்பது என் கருத்து.

8, 4, 3, 1 ஆகிய டேப்களை எடுத்துக்கொள்வோம். இதன் கோவை x^8 + x^4 + x^3 + x + 1, அதாவது 0x11B, ஏ.இ.எஸ். மறையாக்கத்தில் பயன்படுவதும் இதுவே. டேப்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும் என்ற முதற்சோதனையில் இது தேறிவிடுகிறது. மேலும் பகுக்க முடியாத கோவையும்கூட. எனவே சுழற்சி 255 என்று நம்பத் தோன்றும். 255 = 3 × 5 × 17 என்பதால், 255-ஐ இந்தப் பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துக் கிடைக்கும் 85, 51, 15 ஆகிய அடுக்குகளை மட்டும் சோதிக்க வேண்டும். அவற்றுள் 51-ஆம் அடுக்கை வர்க்கப்படுத்தியும் பெருக்கியும் எட்டிவிடலாம்:

```
x^8  = 0x1B
x^16 = 0x5E
x^32 = 0xE4
x^48 = x^32 · x^16 = 0xE8
x^49 = 0xCB
x^50 = 0x8D
x^51 = 0x01
```

51-ஆம் அடுக்கிலேயே 1 வந்துவிட்டதால் சுழற்சி 51-ஐ வகுக்கும் எண்ணாக இருக்க வேண்டும். 3, 17 ஆகிய அடுக்குகளில் 1 வருவதில்லை, ஆகவே சுழற்சி சரியாக 51. பூச்சியமல்லாத 255 நிலைகளும் ஐந்து தனித்தனி வளையங்களாகப் பிரிந்துகிடக்கின்றன. டேப்களை 8, 4, 3, 2 என்று மாற்றினால் முழு 255 கிடைக்கிறது. ஒரே ஓர் இடம் நகர்ந்ததற்கு இவ்வளவு வித்தியாசம்.

x^(2^n − 1) என்பது 1 ஆகவில்லை என்றால் கோவை பகுபடக்கூடியது என்று பொருள். அப்போது சுழற்சி தொடக்க நிலையைப் பொறுத்தும் மாறும். ஓட்டிப் பார்ப்பவர் ஏமாறக்கூடிய இடம் இதுதான். x^4 + x^2 + 1 என்ற கோவையில், பின்னூட்ட பிட் ஒரு முனையில் மட்டும் நுழையும் ஃபிபொனாச்சி வடிவ ரெஜிஸ்டரை 0001 என்று தொடங்கினால் சுழற்சி 6, 1101 என்று தொடங்கினால் 3. ஒரே தொடக்கத்தை மட்டும் ஓட்டியவர் தமக்குக் கிடைத்த எண்ணையே ரெஜிஸ்டரின் குணம் என்று எண்ணிவிடுவார்.

கணக்கிடும் வழிக்கும் ஒரு நிபந்தனை உண்டு: 2^n − 1-இன் பகாக் காரணிகள் தெரிந்திருக்க வேண்டும். 32 பிட்டுக்கு அவை 3, 5, 17, 257, 65537. 64 பிட்டுக்கு இவற்றோடு 641, 6700417 ஆகியவையும் சேரும். அதைவிட மிக நீளமான ரெஜிஸ்டர்களுக்கு நான் அச்சிட்ட டேப் பட்டியல்களையே நம்பியிருக்கிறேன், ஆகவே அங்கே என் அனுபவம் மெலிந்ததே. பட்டியலின் எண்வரிசையைத் தலைகீழாகப் படித்துவிட்டாலும் சுழற்சி நீளம் மாறாது, வரிசை மட்டும் எதிர்த்திசையில் ஓடும் என்பது ஓர் ஆறுதல்.

ஓட்டிப் பார்ப்பதற்கு ஒரு சிறப்பை மறுக்க முடியாது: அது கோவையை அல்ல, எழுதிய நிரலையே சோதிக்கிறது. பிட் ஒன்று விடுபட்டிருந்தால் கணக்கு அதைக் காட்டாது. அதற்கும் முழுச் சுழற்சியை ஓட்ட வேண்டியதில்லை. இடப்பக்கம் நகரும் கலுவா வடிவ ரெஜிஸ்டரை 1 என்ற நிலையிலிருந்து ஆயிரம் அடிகள் ஓட்டினால், அதில் நிற்கும் மதிப்பு x^1000-இன் வகுமீதியாகவே இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் தவறு நிரலில் இருக்கலாம், அல்லது டேப்பைக் கோவையாக எழுதிய இடத்தில் இருக்கலாம்.