சைடு வியூ கேள்வி: கோடு இழுப்பதா, மனதில் செதுக்குவதா, விடையிலிருந்து திரும்புவதா?

பொறியியல் வரைபடத் தேர்வில் ஒரு கட்டையின் இரண்டு வியூவைக் கொடுத்து மூன்றாவதைக் கேட்கும் கேள்வி இது. ஃபிரண்ட் வியூவில் 40 மி.மீ. சதுரம், அதன் நடுவே இடமிருந்து வலமாக ஒரு முழுக்கோடு. டாப் வியூவும் அப்படியே: 40 மி.மீ. சதுரம், நடுவே ஒரு முழுக்கோடு. முதல் கோண முறை, அதாவது டாப் வியூ ஃபிரண்ட் வியூவுக்குக் கீழேயும், இடப்பக்கத்திலிருந்து பார்த்த சைடு வியூ அதன் வலப்பக்கத்திலும் வரும். இடப்பக்கத்திலிருந்து பார்த்தால் எது சரி?

நான்கு விடைகளும் 40 மி.மீ. சதுரத்திலிருந்து வெட்டியவை. (அ) மேல் வலது மூலை 20 மி.மீ. ஆரத்தில் வெளிப்புறமாக வளைந்திருக்கிறது. (ஆ) அதே மூலை 20-க்கு 20 சாய்வாகச் சீவப்பட்டிருக்கிறது. (இ) மேல் இடது மூலையில் 20-க்கு 20 கட்டம் எடுக்கப்பட்டு, படி போல் இருக்கிறது. (ஈ) வலது பக்க நடுவிலிருந்து மேல் இடது மூலை வரை ஒரே சரிவு.

இதைப் போட மூன்று வழிகள் புழக்கத்தில் உண்டு. முதலாவது வகுப்பில் சொல்லித்தருவது. டாப் வியூவின் கோடுகளை வலப்பக்கம் நீட்டி, 45 டிகிரி கோட்டில் முட்டவைத்து மேலே திருப்ப வேண்டும். ஃபிரண்ட் வியூவிலிருந்து வரும் கிடைக்கோடுகள் அவற்றை வெட்டும் இடங்களில்தான் மூலைகள் அமையும். வரைந்து காட்டச் சொல்லும் தேர்வில் இதைவிட நம்பகமான வழி கிடையாது. ஆனால் இந்தக் கேள்வியில் அது கைவிட்டுவிடுகிறது. கிடைப்பது ஒன்பது புள்ளிகள். எந்தப் புள்ளியை எதோடு சேர்ப்பது என்று அந்தக் கோடு சொல்லாது. நான்கு விடைகளின் மூலைகளும் அந்த ஒன்பதுக்குள்ளேயே அடங்கிவிடுவதால் ஒன்றைக்கூடக் கழிக்க முடியாது. டாப் வியூவின் கோடு நடுவில் இல்லாமல் முன்விளிம்பிலிருந்து 15 மி.மீ.யில் இருந்திருந்தால், முன்பின்னாகத் திருப்பிப் போட்ட படி உடனே அகப்பட்டிருக்கும். கோட்டைச் சரிபாதியில் வைத்தவர் விவரமானவர்!

இரண்டாவது வழி, சோப்புக்கட்டியைச் செதுக்குவதுபோல் உருவத்தை மனதில் கொண்டுவருவது. வேகமானது, பார்க்கவும் அழகானது. சிக்கல் என்னவென்றால், நடுவில் ஒரு கோட்டைக் கண்டதும் மனம் படியைத்தான் செதுக்கும். முன்பக்கம் படி வைத்த கட்டை இந்த இரண்டு வியூவுக்கும் உண்மையிலேயே பொருந்தும். ஆனால் அந்தப் படி விடைகளில் இல்லை. கேட்டவர் வேண்டுமென்றே விட்டிருக்கிறார். படியைத் தேடும் கண் (இ)-யில் போய் விழுகிறது. இரண்டு வியூவும் ஒரே ஓர் உருவத்தைத்தான் குறிக்கும் என்ற நம்பிக்கையே இங்கே குழி. படி, சீவல், உட்குழிந்த கால்வட்டம் மூன்றுமே இதே ஃபிரண்ட் வியூவையும் டாப் வியூவையும் தரும்.

மூன்றாவது வழியில் விடையை எடுத்துக்கொண்டு பின்னோக்கிப் போக வேண்டும்: 'இதுதான் சைடு வியூ என்றால், முன்னாலும் மேலேயும் என்ன கோடு விழும்?' இடப்பக்கம் நின்று பார்க்கும்போது பொருளின் முன்முகம் நம் வலக்கைப் பக்கம் வரும். இதை மட்டும் முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

(இ)-யில் படி பின்பக்கம் போய்விடுகிறது. முன்னிருந்து பார்த்தால் அது மறைந்திருக்கும், ஆகவே ஃபிரண்ட் வியூவில் புள்ளிக்கோடுதான் வரும். கேள்வியில் இருப்பது முழுக்கோடு. (ஈ)-யில் முன்னால் கோடு சரியாக விழுகிறது. ஆனால் மேலிருந்து பார்த்தால் ஒரே சரிவு மட்டுமே தெரியும், டாப் வியூவின் நடுக்கோட்டுக்கு இடமில்லை. (அ) தான் நிறையப் பேரை ஏமாற்றுவது. வெளிப்புற வளைவு முன்முகத்தையும் மேல்முகத்தையும் தொட்டுக்கொண்டு வழுவழுப்பாக இணைகிறது. அப்படி இணையும் இடத்தில் விளிம்பு இல்லை; விளிம்பு இல்லாத இடத்தில் கோடு போடுவதில்லை. ஆக இரண்டு வியூவும் வெறும் சதுரமாக நின்றுவிடும். உட்குழிந்த வளைவென்றால் கதை வேறு. அது இரு முகங்களையும் செங்கோணத்தில் சந்திப்பதால் கூர்மையான விளிம்பு உண்டு, கோடும் உண்டு.

மிஞ்சுவது (ஆ). ஃபிரண்ட் வியூவின் மேல்பாதியும் டாப் வியூவின் கீழ்ப்பாதியும் ஒரே சாய்ந்த முகம், இரண்டு பக்கமிருந்தும் தெரிகிறது. படியில் அவை இரண்டு தனித்தனி முகங்கள்.

விடைகள் கொடுத்த கேள்வி என்றால் என் ஓட்டு மூன்றாவது வழிக்குத்தான். பத்துப் பன்னிரண்டு முகங்களும் துளைகளும் உள்ள உருவத்தில் ஒவ்வொரு விடையையும் முழுவதுமாகத் திருப்பிப் பார்ப்பது நேரத்தைத் தின்னும். அங்கே நான்கு விடைகளும் ஒன்றோடொன்று எங்கே வேறுபடுகின்றன என்று பார்த்து, அந்தக் கோடுகளை மட்டும் சோதிப்பேன். காலித்தாளைக் கொடுத்து வரையச் சொன்னால் செட் ஸ்கொயரும் 45 டிகிரி கோடும்தான்.