ஒரு சிஎஃப்ஓ இன்னொரு சிஎஃப்ஓவுக்கு எழுதும் மெயில்: மூன்று வரைவுகள்

கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனம், சென்னையில் கணக்கு மென்பொருள் விற்கும் ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கத்து ஆட்களும் ஜூலையிலிருந்து பேசுகிறார்கள். டெமோ இரண்டு முறை முடிந்தது. நவம்பரில் பேச்சு அப்படியே நின்றுவிட்டது. சென்னை நிறுவனத்தின் விற்பனைப் பிரிவு தங்கள் நிதித் தலைவரான சிஎஃப்ஓவிடம் வந்து, "சார், அவங்க சிஎஃப்ஓவுக்கு நீங்க ஒரு மெயில் போட்டா நகரும்" என்கிறது. இருவரும் இதுவரை பேசியதே இல்லை.

பேச்சின் மையம், கணக்காளர்கள் 43பி(எச்) என்று சொல்லும் வருமான வரி விதி. குறு, சிறு நிறுவனங்களிடம் பொருளோ சேவையோ வாங்கினால், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லையென்றால் 15 நாளிலும் பணம் தர வேண்டும். கெடு தாண்டியும் மார்ச் 31 வரை கொடுக்காமல் நின்ற தொகையை அந்த ஆண்டுச் செலவில் காட்ட முடியாது. எந்த ஆண்டில் கொடுக்கிறோமோ அந்த ஆண்டில்தான் காட்டலாம். 2023-24 நிதியாண்டிலிருந்து இதுதான் நிலை. கடைசல், வார்ப்பு, முலாம் என்று சிறு பட்டறைகளை நம்பி ஓடும் தொழிலில் இது சிஎஃப்ஓவே கவலைப்படும் விஷயம்.

இத்தகைய மெயில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும். இங்கே தமிழிலேயே ஒப்பிடுவோம்.

முதல் வரைவு: விற்பனைப் பிரிவு எழுதிக் கொடுத்தது

"மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம். எங்கள் நிறுவனம் பதினைந்து ஆண்டுகளாக முன்னணி உற்பத்தியாளர்களுக்கு முழுமையான நிதித் தீர்வுகளை வழங்கி வருகிறது..." இப்படித் தொடங்கி, ஆறு சிறப்பம்சங்கள், மூன்று இணைப்புகள், ஒரு பிடிஎஃப் என்று 200 சொல்லைத் தாண்டுகிறது. சந்திக்க நேரம் கேட்கும் வரி கடைசிக்கு முந்தைய பத்தியில் இருக்கிறது.

இதில் ஒரு பிழையும் கிடையாது, சிக்கலே அதுதான். எந்த சிஎஃப்ஓவும் முன்பின் தெரியாத இன்னொரு சிஎஃப்ஓவுக்கு ஆறு சிறப்பம்சம் எழுத உட்காருவதில்லை. படிப்பவருக்கு அது தெரியும், ஏனென்றால் அவர் பெயரிலும் கீழே இருப்பவர்கள் இப்படித்தான் எழுதி அனுப்புகிறார்கள். "தாங்கள்", "நம்புகிறோம்" என்ற பன்மையும் பணிவும் சேர்ந்து, எழுதியவரைச் சமநிலையிலிருந்து இறக்கி, சப்ளையர் வரிசையில் நிற்க வைத்துவிடுகின்றன. மெயில் மேலிருந்து வந்ததால் கிடைக்க வேண்டிய ஒரே பலன் அங்கேயே போய்விடுகிறது.

இரண்டாம் வரைவு: ஒரே வரி

"வணக்கம் சார், ஒரு பத்து நிமிடம் பேசலாமா? முக்கியமான விஷயம்."

சுருக்கமாக எழுதச் சொன்னால் பலர் வந்து நிற்கும் இடம் இது. முதல் வரைவைவிட இது மோசம். மேலதிகாரி பெயரில் வரும் சிறிய, அவசரமான, காரணம் சொல்லாத மெயில்தான் பண மோசடிக்காரர்கள் அனுப்பும் மெயிலின் முகம். கம்பெனிக் கணக்கைக் கையில் வைத்திருப்பவர் என்பதால் அந்த வகை மோசடிக்கு முக்கியக் குறிகளில் ஒருவர் சிஎஃப்ஓ. அதனால் இதைத் திறக்காமல் விடுவது சோம்பல் அல்ல, பழக்கிய எச்சரிக்கை. ஒருவேளை நம்பினாலும், எதற்கு என்று தெரியாமல் நேரம் கொடுக்க அவரால் முடியாது. அவருடைய செயலாளராலும் முடியாது.

மூன்றாம் வரைவு

பொருள்: சிறு பட்டறை பில்கள், மார்ச் 31

"வணக்கம் சார். சிறு பட்டறைகளின் பில் கெடு பற்றி உங்கள் கணக்குப் பிரிவும் எங்கள் ஆட்களும் ஜூலையிலிருந்து பேசி வருகிறார்கள். இதே வேலையை எங்கள் கணக்கில் செய்தபோது, பில்லைப் பதிந்த தேதியிலிருந்து நாள் எண்ணியதால் கெடு தாண்டிய தொகை குறைவாகத் தெரிந்தது. பொருளை ஏற்ற தேதிக்கு மாற்றிய பிறகுதான் உண்மைத் தொகை வந்தது. நாங்கள் செய்ததை 15 நிமிடத்தில் சொல்கிறேன். செவ்வாய் அல்லது வியாழன் மாலை 4 மணிக்குப் பேசலாமா? இதை வேறொருவர் பார்க்கிறார் என்றால் அவர் பெயரை மட்டும் சொல்லுங்கள்."

60 சொல்லுக்குள் முடிகிறது. ஜூலைப் பேச்சைச் சொல்வதால், இது மோசடியா என்று அவர் தன் கணக்குப் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டே தெரிந்துகொள்ளலாம். கனமான வரி இரண்டாவதுதான். சட்டம் நாட்களை எண்ணுவது பொருளை ஏற்ற நாளிலிருந்து. அந்தக் கணினியோ பில் பதிந்த நாளிலிருந்து எண்ணியது. பில் பத்து நாள் தாமதமாகப் பதிவானால் 52 நாள் ஆன பாக்கி 42 நாளாகத் தெரியும். இந்தத் தவறைச் செய்து பார்த்த ஒருவர்தான் இப்படி எழுத முடியும். விற்பனைப் பிரிவின் ஆறு சிறப்பம்சத்துக்கும் இந்த ஒன்றுக்கும் உள்ள தூரம் அது.

ஆனால் இந்த வரைவு ஜெயிப்பது படிக்கும்போது அல்ல, ஃபார்வர்ட் ஆகும்போது. பெறுபவர் நேரடியாக பதில் எழுதுவது அரிது. "பாத்துட்டு சொல்லுங்க" என்று கணக்கு மேலாளருக்குத் தள்ளிவிடுவார். முதல் வரைவைத் தள்ளினால் மேலாளர் பிடிஎஃப்பைத் திறந்து, ஏற்கெனவே டெமோவில் பார்த்ததே இது என்று மூடிவிடுவார். மூன்றாவதைத் தள்ளினால் அவர் முன் ஒரு கேள்வி நிற்கும்: நாம் எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறோம்? அதற்கு அவர் மேலே பதில் சொல்லியாக வேண்டும்.

மெயிலின் நீளத்தை அளக்கச் சொல் எண்ணிக்கையை நம்ப வேண்டாம். ஆங்கிலத்தில் இதே செய்தி 90 சொல் வரை போகும். தமிழ்ச் சொல் விகுதிகளைத் தன்னுள்ளேயே மடித்துக்கொள்ளும். கைபேசியில் திறந்து, விரலால் தள்ளாமல் கேள்வி வரை தெரிகிறதா என்று பாருங்கள். அங்கே காலை வாருவது பெரும்பாலும் கையொப்பம்தான்: பதவி, மூன்று எண்கள், விருதுப் படம், சட்ட எச்சரிக்கை என்று மெயிலைவிட நீளமாகத் தொங்கும். இந்த மெயிலுக்குப் பெயர், நிறுவனம், கைபேசி எண் மூன்றும் போதும். விற்பனைப் பிரிவின் மொத்த மெயில் மென்பொருள் வழியாக அனுப்பினால் அடியில் சந்தாவை நிறுத்தும் இணைப்பு தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்த்ததும் வேஷம் கலைந்துவிடும். சொந்தப் பெட்டியிலிருந்துதான் போக வேண்டும்.

மூன்றாம் வரைவிலும் ஒரு ஆபத்து உண்டு. நாலு மாதமாகப் பேசிவந்த கணக்கு மேலாளர், தன்னைத் தாண்டி மேலே போய்விட்டார்கள் என்று நினைத்தால் பேச்சு அத்தோடு செத்துவிடும். அதனால்தான் "நின்றுவிட்டது", "பதில் வரவில்லை" போன்ற சொல் எதுவும் மெயிலில் இல்லை. அனுப்புவதற்கு முந்தின நாளே விற்பனை ஆள் அவரைக் கூப்பிட்டு, "எங்க சிஎஃப்ஓ நாளைக்கு உங்க சாருக்கு ஒரு மெயில் போடறார், தேதி எண்ணுற விஷயமா" என்று சொல்லிவிட வேண்டும். அவரை நகலில் சேர்ப்பது சரியாக வராது. மேலதிகாரி முன் கணக்குக் கேட்பது போல இருக்கும்.

பதில் இல்லையென்றால் ஒரு வாரம் கழித்து, அதே மெயிலின் மேலேயே ஒரு வரி: "சார், டிசம்பர் பில்கள் மார்ச்சுக்குள் கெடு தாண்டிவிடும் என்பதால் மறுபடி கேட்கிறேன்." வாட்ஸாப் செய்தி, நேரில் சந்தித்து எண் வாங்கியவர்களுக்கு மட்டும்தான். யாரிடமோ எண் வாங்கி அனுப்பினால், எண்ணைக் கொடுத்தது யார் என்பதுதான் அங்கே முதல் கேள்வியாக இருக்கும். இரண்டாவது மெயிலுக்கும் பதில் வரவில்லையென்றால் சிஎஃப்ஓ மூன்றாவது அனுப்பக் கூடாது. அதற்குமேல் விற்பனை ஆளே கணக்கு மேலாளரிடம் போக வேண்டும். கையில் அந்தத் தேதிக் கேள்வி இருக்கிறது.