பழமொழிப் பேச்சின் சுருக்கம்: சொல்லையா, பொருளையா?

மட்டக்களப்பு உன்னிச்சைப் பக்கம் பெரும்போக நெற்செய்கைக் கூட்டமொன்றில் ஒருவர் பேசுகிறார் என்று வைப்போம்: “விதைநெல் விசயத்தில வெள்ளம் வருமுன் அணை போடோணும். போன முறை உரத்தில வேலியே பயிரை மேய்ஞ்சது.”

சொல்லைச் சுருக்கினால், “அணை கட்டவும் வேலி திருத்தவும் கேட்டார்” என்று அறிக்கை வரும். வயல்காரர் கூட்டம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆபத்தே அதுதான்.

பொருளைச் சுருக்குபவர், முன்பின் வாக்கியங்களில் யார், எதை, எப்போது என்று தேடுவார். அணை என்பது விதைப்புக்கு முன்பே விதைநெல்லை ஒழுங்கு செய்வது. வேலி என்பது உரத்துக்குப் பொறுப்பானவர்கள். அதற்காக “திருடினார்கள்” என்று எழுதிவிடக்கூடாது. “பொறுப்பானவர்களே முறைகேடு செய்ததாகக் குற்றஞ்சாட்டினார்” என்பதே அளவு. நேரம் கூடப் பிடித்தாலும் இதுவே சரி. கோபமும் தெரிய வேண்டுமானால், பொருளுக்குப் பக்கத்தில் வேலிப் பழமொழியை மட்டும் மேற்கோளில் விடலாம்.