கெய்சர் சர்வீஸுக்கு ஆள் வந்தால், பழைய ஆனோடு ராடைக் கையில் வாங்கிப் பாருங்கள்

மூன்று வருஷம் காசு கொடுத்து ஏமாந்தேன். வீட்டில் போர் தண்ணீர், கெய்சருக்கு வருடாந்திர சர்வீஸ் ஒப்பந்தம் என்று இருப்பவர்கள் முழுசாகப் படித்துவிடுங்கள்.

எங்களுடையது சுவரில் நிற்கும் 25 லிட்டர் கெய்சர். உள்ளே எனாமல் பூசிய இரும்பு டேங்க். டேங்க் துருப்பிடிக்காமல் காக்க அதற்குள் நிற்கும் மெக்னீசியம் ராடுக்குத்தான் ஆனோடு என்று பெயர். தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல். 180-ஐத் தாண்டினாலே மிகக் கடினம் என்பார்கள். அதனால்தான் விற்ற கம்பெனியிடமே ஒப்பந்தம் போட்டோம். வருஷத்துக்கு ஒரு முறை ஆள் வந்தார். மூன்று ரசீதிலும் ஒரே வரி: "டேங்க் ஃபிளஷ் செய்யப்பட்டது, ஆனோடு சரிபார்க்கப்பட்டது."

ஐந்தாம் வருஷம் கெய்சரின் அடிப்பக்க மூடி ஓரமாகத் துரு நிறத்தில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. பைப் கனெக்‌ஷன் எல்லாம் காய்ந்திருந்தது. அப்படியென்றால் ஓட்டை உள் டேங்கில். அதை வெல்டிங் வைத்துச் சரிசெய்ய முடியாது, அந்தச் சூட்டில் சுற்றியுள்ள எனாமல் வெடித்துவிடும். டேங்க் போனால் கெய்சர் போனது.

தூக்கிப் போடுவதற்கு முன் தெரிந்த பிளம்பர் ஒருவரைக் கூப்பிட்டுத் திறக்கச் சொன்னேன். அடி மூடியைக் கழற்றியதுமே அவர் கையை நிறுத்திவிட்டார். "சார், இதை இதுக்கு முன்னாடி யாருமே திறக்கல," என்றார். காயிலும் ஆனோடும் மாட்டியிருக்கும் வட்டத் தகட்டை, அதாவது ஃபிளாஞ்சை, டேங்கோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் காட்டினார். தொழிற்சாலையில் முறுக்கி முடித்ததும் அடையாளத்துக்கு இழுக்கும் பெயிண்ட் கோடு, ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்தும் தகடு வரைக்கும் உடையாமல் அப்படியே இருந்தது. ஸ்பேனர் ஒரு சுற்று சுற்றியிருந்தாலும் அந்தக் கோடு விலகியிருக்கும்.

தகட்டை இறக்கியபோது முட்டை ஓடு மாதிரியான சுண்ணாம்புச் சில்லுகளும் சேறும் பத்து லிட்டர் வாளியில் கால்வாசிக்கு விழுந்தன. காயிலைச் சுற்றி வெள்ளைப் பாறை. தண்ணீர் சுடும்போது உள்ளே படபடவென்று சத்தம் கேட்டதும், கடைசி வருஷம் சூடாக இரட்டிப்பு நேரம் எடுத்ததும் இதனால்தான். ஆனோடு ராட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பி ஒன்று நின்றது. அடியில் மட்டும் கட்டைவிரல் நுனி அளவுக்கு அரித்துப்போன சாம்பல் நிற உலோகம்.

எனாமல் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத ஊசித் துளைகள் எப்போதும் இருக்கும். அந்த இடங்களில் இரும்பு தண்ணீரைத் தொடும். மெக்னீசியம் இரும்பைவிடச் சீக்கிரம் அரிபடும் உலோகம். அது அதே தண்ணீரில், டேங்கோடு மின் தொடர்பில் இருக்கும் வரை அரிப்பைத் தன் மேல் வாங்கிக்கொள்ளும். உப்பு அதிகமுள்ள தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் ராடும் வேகமாகக் கரையும். ராட் தீர்ந்த நாளிலிருந்து துளைகளில் டேங்க்கே அரிபடத் தொடங்கும். நடுவில் இருக்கும் கம்பி வெறும் இரும்பு, அதனால் எந்தப் பாதுகாப்பும் கிடையாது.

இனி 'ஃபிளஷ்' கதை. சர்வீஸுக்கு வந்தவர் மூன்று முறையும் வெந்நீர் குழாயைத் திறந்து ஐந்து நிமிஷம் ஓடவிட்டார். "அழுக்கெல்லாம் போயிடும்மா," என்று என் மனைவியிடம் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அது பச்சைப் பொய். வெந்நீர் வெளியேறும் குழாய் டேங்கின் உள்ளே உச்சி வரைக்கும் போகிறது. கீழே குளிர்ந்த நீர் நுழைந்து தள்ள, மேலே இருக்கும் சூடான நீர்தான் வெளியே வரும். அடியில் கிடக்கும் சில்லு அந்த வழியாக ஏறி வரவே வராது. நாள் முழுக்கக் குழாயைத் திறந்து வைத்தாலும் டேங்க் நிறைந்தேதான் இருக்கும்.

உண்மையில் ஃபிளஷ் செய்வது எப்படி என்று அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். பிளம்பர் மெயின் சுவிட்சை அணைத்து, தண்ணீர் ஆறும் வரை பொறுத்தார். உள்ளே வரும் தண்ணீரின் வால்வை மூடி, வெந்நீர் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கினார். பிறகு கெய்சரின் அடியில், குளிர்நீர் நுழையும் பக்கத்து ஹோஸைக் கழற்றி வாளியை வைத்தார். மேலே காற்று நுழைய வெந்நீர் பக்க ஹோஸையும் கழற்றினார், இல்லாவிட்டால் தண்ணீர் முழுசாக இறங்காது. ஆனால் சேறு மட்டும்தான் இப்படி வரும். எங்கள் மாதிரித் தண்ணீரில் சில்லு அந்தச் சின்ன வாயில் அடைத்துக்கொள்ளும், ஃபிளாஞ்சை இறக்கியே ஆக வேண்டும். இறக்கினால் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் புதுசு போட வேண்டும். ஆகவே சர்வீஸ் பில்லில் கேஸ்கெட் இல்லையென்றால் உள்ளே திறக்கவில்லை என்று சந்தேகப்படலாம்.

புதுக் கெய்சருக்கு இப்போது அவர்தான் வருகிறார். 11 மாதத்தில் முதல் முறை திறந்தோம். ராட் 21 மில்லிமீட்டரிலிருந்து 13-க்கு இறங்கியிருந்தது. கொஞ்சம்தானே மெலிந்திருக்கிறது என்றேன். அவர் கணக்குப் போட்டுக் காட்டினார்: 21-ஐ 21-ஆல் பெருக்கினால் 441, 13-ஐ 13-ஆல் பெருக்கினால் 169. அதாவது உலோகத்தில் மீதி 40 சதவீதம்கூட இல்லை. அன்றைக்கே மாற்றிவிட்டோம். உள்கம்பி எங்காவது தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். ராட் பருமனாகவே இருந்து மேலே கெட்டியான சுண்ணாம்பு ஓடு மூடியிருந்தாலும் அது வேலை செய்யாது, அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆசிட் ஊற்றிச் சுத்தம் செய்கிறேன் என்று வருபவர்களை டேங்க் பக்கம் விடாதீர்கள். துளை வழியாக இரும்பைத் தின்னும். காயிலை வெளியே எடுத்து எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்தாலே படிவு இளகிவிடும். டேங்க் உள்ளே இரும்புக் கம்பி விட்டுச் சுரண்டுவதும் கூடாது, எனாமல் பெயரும். எல்லாம் மாட்டிய பின் வெந்நீர் குழாயில் காற்று இல்லாமல் சீராகத் தண்ணீர் வரும் வரை சுவிட்சைப் போடக் கூடாது. காலி டேங்கில் காயில் நொடியில் எரிந்துபோகும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்க் வைத்திருப்பவர்கள் பலருக்கு ஆனோடே இருக்காது. உங்கள் மாடலில் உண்டா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாத ராடுக்கு பில் போட்டிருந்தால் அதுவும் தெரிந்துவிடும்.

வாரண்டி கேட்டபோது கம்பெனி சொன்ன பதில், "ஆனோடு மாற்றப்படாததால் டேங்க் வாரண்டி செல்லாது." அவர்கள் ஆளே மூன்று முறை சரிபார்த்ததாக எழுதிக் கொடுத்த ரசீதுகளைக் காட்டினேன். "சரிபார்க்கப்பட்டது என்றுதான் இருக்கிறது, மாற்றப்பட்டது என்று இல்லையே," என்றார்கள். பெயிண்ட் கோடு உடையாத போல்ட்டுகளின் படம், அந்த வெறும் கம்பியின் படம், மூன்று ரசீது எல்லாவற்றையும் சேர்த்து எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டில் ஒப்பந்தம் இருந்தால் அடுத்த சர்வீஸ் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு ஒரு எலக்ட்ரீஷியனை வைத்து அடி மூடியை மட்டும் கழற்றுங்கள். போல்ட் தலையில் அந்தக் கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துப் படம் எடுத்து வையுங்கள். ஆள் வரும்போது கழற்றிய ராடையும் வாளியில் விழுந்த சில்லையும் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.