ஏற்காட்டுக் காபி அத்தியாயம்: தனித்தனியாகச் சுருக்குவதா, கோத்துக்கொண்டே போவதா?

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் என் சித்தப்பா தோட்டத்தின் கதையை எழுதியிருக்கிறார். ஒரு அத்தியாயம் மட்டுமே 12,000 சொல். சேலத்தில் என் கணினியில் ஓடுகிற சிறிய மொழி மாடல் அதை ஒரே மூச்சில் வாங்காது. தமிழ்ச் சொல் ஒன்றையே அது டோக்கன் எனப்படும் பல சிறு துணுக்குகளாக உடைப்பதால், ஒரே நேரத்தில் அது வாங்கிக்கொள்ளும் இடம் இன்னும் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. அதனால் 2,000 சொல்லாக ஆறு துண்டு போட்டு, மூன்று வழியில் சுருக்கிப் பார்த்தேன்.

முதல் வழி, ஒவ்வொரு துண்டையும் தனியாகச் சுருக்கிக் கடைசியில் ஒட்டுவது. வேகமானது, ஒரு துண்டில் வந்த பிழை அடுத்ததற்குத் தாவாது. ஆனால் இரண்டாம் துண்டில் தாத்தா பணமுடையில் நிழல் மரங்களை வெட்டி விற்கிறார், ஐந்தாம் துண்டில் "அன்று செய்ததன் பலன்" என்று தொடங்கி வெள்ளைத் தண்டுத் துளைப்பான் செடிகளைக் கொன்ற கதை வருகிறது. வெயில் படும் அராபிகாத் தண்டில்தான் அந்த வண்டு விரும்பி முட்டையிடும், அதுதான் அத்தியாயத்தின் உயிரே. சுருக்கத்தில் இரண்டு செய்தியும் சரியாக இருந்தன, நடுவில் இருந்த "அதனால்" மட்டும் காணாமல் போயிருந்தது. துண்டுகளை 200 சொல் ஒன்றன்மேல் ஒன்று படியவிட்டாலும் இது சரியாகாது, அது வெட்டு விழுந்த ஓரத்தை மட்டுமே காப்பாற்றும்.

இரண்டாவது, முந்தைய சுருக்கத்தை அடுத்த துண்டோடு சேர்த்துக் கொடுத்து, முழுவதையும் புதிதாக எழுதவைத்துக்கொண்டே போவது. படிக்க ஓட்டமாக இருந்தது. ஆனால் ஐந்தாம் துண்டுக்கு வருவதற்குள் மரம் வெட்டியது "தோட்டத்தில் சில மாற்றங்கள்" என்று தேய்ந்துவிட்டது. மூன்றாம் துண்டில் "அவர்" என்பதை மேஸ்திரி என்று தப்பாக எடுத்துக்கொண்டது கடைசிவரை கூடவே வந்தது.

எனக்குப் பிடித்தது மூன்றாவது: முதல் சுற்றில் சுருக்கமே வேண்டாம், ஒரு குறிப்பேடு மட்டும். யார் யார், எந்தச் செயல் முடியாமல் நிற்கிறது, எந்த வரி பின்னால் எதையோ சுட்டுகிறது என்று துண்டு எண்ணோடு எழுதவைப்பேன். பழைய வரிகளை அழிக்கவோ மாற்றவோ கூடாது, புதிதாகச் சேர்க்க மட்டும் செய்யலாம். "2: தாத்தா நிழல் மரம் வெட்டினார், விளைவு தெரியவில்லை" என்பதற்குக் கீழே "5: துளைப்பான், 2-இன் விளைவு" என்று வந்துவிடும். இரண்டாம் சுற்றில் முழுக் குறிப்பேட்டையும் ஒவ்வொரு துண்டோடும் கொடுத்துத் தனித்தனியாகச் சுருக்கி, அப்புறம் ஒட்டுவேன். இரண்டாம் துண்டைச் சுருக்கும்போதே ஐந்தில் என்ன வருகிறது என்று தெரிந்திருப்பதால் மரம் வெட்டிய வரி தப்பிப் பிழைக்கிறது.

நேரம் இரட்டிப்பு ஆகும். மாடல் கவனிக்காத இணைப்பு குறிப்பேட்டிலும் ஏறாது, அதனால் சுருக்கத்தில் "அவர்", "அதனால்", "அந்த" வரும் இடமெல்லாம் தேடி, எதைச் சுட்டுகிறது என்று மூலத்தோடு ஒத்துப் பார்க்கிறேன். ஆளே இல்லாத "அவர்" அகப்பட்டால், அந்தத் துண்டைக் குறிப்பேட்டிலிருந்தே மறுபடி தொடங்குகிறேன்.